மேற்குச் சுவரின் கான்கிரீட் பலகைகள்: படத்தில் நிழல், என் வீட்டில் வெயில்

மேற்குச்சன்னல் | 14 மே 2024, இரவு 9:40

திருச்சியின் புறநகரில் 2021இல் வீடு கட்டினேன். படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஆறடி அகலச் சன்னல். அகமதாபாத்தில் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் படம் ஒன்றைப் பொறியாளரிடம் காட்டி, அதைப் போலவே சன்னலுக்கு வெளியே செங்குத்தான கான்கிரீட் பலகைகள் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பலகையும் சுவரிலிருந்து 45 செ.மீ. வெளியே நீள்கிறது, இரண்டு பலகைகளுக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி. ஜனவரியில் குடிபுகுந்தபோது நிழல் அருமையாக விழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மே மாதத்தில் அதே பலகைகள் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகின்றன. மாலை மூன்று மணிக்கு மேல் வெயில் கட்டில்வரை வருகிறது.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். 1940களிலும் 50களிலும் வெப்ப நாடுகளில் பரவிய இந்த நவீனக் கட்டடக்கலையின் வெயில் தடுப்பு, ஆழமான வராந்தா, துவாரங்கள் விட்ட கான்கிரீட் ஜாலி ஆகிய மூன்றும் புகைப்படத்துக்காகச் செய்யப்பட்டவை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

செங்கல்சூளை | 15 மே 2024, காலை 6:15

முப்பது வருடமாக வீடு கட்டிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கான்கிரீட்டில் தடுப்பு வைத்தால் அது வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அறைக்குள் கக்கும். வெள்ளைக்காரன் குளிர்நாட்டிலிருந்து வந்து வரைந்ததை நாம் காப்பி அடித்தால் இப்படித்தான் ஆகும். பலகைகளை இடித்துவிட்டு ஜாலி கட்டுங்கள். ஜாலியின் துவாரம் குறுகலாக இருப்பதால் காற்று அதில் நுழையும்போது நெருக்கப்பட்டுக் குளிர்ந்து வரும். ராஜஸ்தான் அரண்மனைகளில் இதே தத்துவம்தான்.

நிழல்கணக்கு | 15 மே 2024, பகல் 1:05

செங்கல்சூளை அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. துவாரத்தில் காற்றின் வேகம் சற்றுக் கூடும். ஆனால் அந்த வேகத்தில் வெப்பநிலை நாம் உணரும் அளவுக்குக் குறையாது. வேகமான காற்று மேலே பட்டால் வியர்வை உலர்வதால் குளிர்ச்சி தோன்றும், அவ்வளவுதான். அதே ஜாலி மொத்தத்தில் அறைக்குள் வரும் காற்றின் அளவைக் குறைக்கவும் செய்கிறது. ஜாலியின் உண்மையான வேலை, நேர்வெயிலையும் வானத்தின் கண்கூசும் வெளிச்சத்தையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவது.

இனி கேள்வி கேட்டவருக்கு. திருச்சியில் மே நடுவில் மாலை 3:30க்குச் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 16 டிகிரி வடக்கே, 41 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 4:30க்கு உயரம் 27 டிகிரி, 5:30க்கு 13 டிகிரி. திசை மட்டும் அந்த 16, 17லேயே நிற்கிறது. அதாவது நம் ஊரில் கோடைச் சூரியன் மாலையில் பக்கவாட்டில் நகர்வதே இல்லை என்று சொல்லலாம். கிணற்றில் வாளி இறங்குவதுபோல நேராக இறங்குகிறது. செங்குத்துப் பலகை என்பது பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலை மறைக்கும் பொருள். எதிரே வரும் வெயிலுக்கு அது விளிம்பை மட்டும்தான் காட்டும்.

உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால், 45 செ.மீ. பலகை 16 டிகிரிச் சாய்வில் வரும் வெயிலுக்கு 13 செ.மீ. நிழல்தான் தரும். 60 செ.மீ. இடைவெளியில் 47 செ.மீ. அகலத்துக்கு வெயில் உள்ளே வரும்.

மேற்குச்சன்னல் | 18 மே 2024, மாலை 6:50

கணக்கைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இன்று சனிக்கிழமை விடுமுறையில் அறையின் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை, வெயில் பட்டையின் இரு ஓரங்களையும் சாக்பீஸால் கோடிட்டேன். என் மகள் முதலில் சிரித்தாள், பிறகு நேரத்தை எழுதும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

நிழல்கணக்கு சொன்னதில் ஒன்று அப்படியே நடந்தது. ஐந்து முறை கோடிட்டும் பட்டையின் இரு ஓரங்களும் முந்தைய கோட்டின் மேலேயே விழுந்தன. பட்டை அகலவில்லை, சாயவில்லை, நீண்டுகொண்டே மட்டும் போனது. 3:30க்குச் சன்னல் அருகில் முடிந்த வெளிச்சம், 5 மணிக்குக் கட்டில் காலைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது.

இன்னொன்று நடக்கவில்லை. பட்டையின் அகலம் 47 இல்லை. மூன்று பட்டைகளை அளந்தேன். 58, 58, 59. ஆகவே பலகை எனக்குத் தரும் நிழல் இரண்டு விரல்கடைகூட இல்லை. கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

மாடிப்படி | 18 மே 2024, இரவு 8:30

என் கணவரின் வேலைக்காக 1960களில் கட்டிய அரசுக் குடியிருப்பில் பதினோரு வருடம் இருந்தோம். மாடிப்படிக்கு மூன்று மாடி உயரத்துக்குச் சிமெண்ட் ஜாலி. ஜாலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் புறாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒவ்வொரு துவாரமும் ஒரு கூடு. ஐப்பசி மழையில் படிக்கட்டு வாய்க்கால் ஆகிவிடும்; மாமியார் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மே மாதத்தில் மின்சாரம் போனால் நாங்கள் எல்லாரும் பாயை எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டின் மேல்தளத்தில்தான் படுப்போம். வீட்டுக்குள் இருக்க முடியாது, அங்கே இருக்க முடியும். ஜாலிக்குப் புறா வராமல் வலை அடிப்பது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா?

பழையகோடு | 19 மே 2024, காலை 10:20

கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் வரைகலை கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அகமதாபாத் கட்டடத்துக்கு நான்கு முறை மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். கேள்வி கேட்டவர் அந்தக் கட்டடத்தின் எந்த முகத்தின் படத்தைப் பொறியாளரிடம் காட்டினார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. இரண்டிலும் பலகைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றல்ல.

1954இல் முடிந்த அந்தக் கட்டடம் ஆசிரமச் சாலைக்கும் சபர்மதி ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறது. சாலை மேற்கே, ஆறு கிழக்கே. வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் அநேகமாகத் திறப்பே இல்லாத செங்கல் சுவர்கள். கட்டடம் மூச்சுவிடுவதெல்லாம் கிழக்கிலும் மேற்கிலும்தான். ஆற்றுப் பக்கம் பலகைகள் சுவருக்குச் செங்குத்தாக, நேராக நிற்கின்றன; காற்று தடையில்லாமல் வரும், சாயத் தொழிலாளர்கள் ஆற்று மணலில் துணி உலர்த்தும் காட்சியும் அந்தக் காலத்தில் தெரிந்தது. சாலைப் பக்கம், அதாவது மேற்கே, பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாலையிலிருந்து ஒரு கோணத்தில் பார்த்தால் முகம் முழுவதும் மூடிய கான்கிரீட்டாகத் தெரியும். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் உள்ளே இருக்கும் மாடித்தோட்டம்வரை தெரியும்.

உங்கள் பலகைகள் நேராக நிற்கின்றன என்கிறீர்கள். நீங்கள் கிழக்கு முகத்தைப் பார்த்து மேற்குச் சுவரைக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மேற்குச்சன்னல் | 19 மே 2024, இரவு 7:15

ஐயா, படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படத்தின் கீழ்ப்பக்கத்தில் மணலும் தண்ணீரும் இருக்கின்றன. இத்தனை நாள் அதை முன்புறத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிழல்கணக்கு | 19 மே 2024, இரவு 9:00

58 செ.மீ. என்பது என்னைத் தூங்கவிடவில்லை. கணக்கு தவறில்லை, கணக்கில் போட்ட சுவர்தான் தவறாக இருக்க வேண்டும். "மேற்குச் சுவர்" என்று நீங்கள் சொன்னதை நேர் மேற்கு என்று எடுத்துக்கொண்டேன். கைபேசியின் திசைகாட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம், இரும்பு அதை ஏமாற்றிவிடும். மனையின் மூலைக் கல் அருகே வைத்துப் பாருங்கள்.

மேற்குச்சன்னல் | 20 மே 2024, காலை 7:05

வீடு நேர் மேற்கைப் பார்க்கவில்லை. சுவர் மேற்கிலிருந்து 14 டிகிரி வடக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. தெரு அப்படிப் போகிறது, மனை தெருவோடு போகிறது, வீடு மனையோடு போகிறது. வாஸ்து பார்த்தவர்கூட இதைச் சொல்லவில்லை.

இப்போது புரிகிறது. மே மாதச் சூரியன் 16 டிகிரி வடக்கே, என் சுவரும் 14 டிகிரி வடக்கே. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வித்தியாசம் 2 டிகிரி. அதற்கு 45 செ.மீ. பலகை தரும் நிழல் ஒன்றரை செ.மீ. சாக்பீஸ் கோடு பொய் சொல்லவில்லை.

ஜனவரி நிழலும் இதனால்தான். அப்போது மாலைச் சூரியன் மேற்கிலிருந்து 25 டிகிரிக்கு மேல் தெற்கே விலகி வருகிறது. என் சுவருக்கு அது 40 டிகிரிக்குக் குறையாத சாய்வு. பலகை இடைவெளியில் பாதிக்கு மேல் மறைத்துவிடும். வெயில் வேண்டிய மாதத்தில் நிழலும் நிழல் வேண்டிய மாதத்தில் வெயிலும் தரும் ஒரு சாதனத்தை நான் பணம் கொடுத்துக் கட்டியிருக்கிறேன்.

முதல் குறிப்பில் "புகைப்படத்துக்காகச் செய்யப்பட்டவை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். புகைப்படத்துக்காகச் செய்தது நான்.

செங்கல்சூளை | 20 மே 2024, பகல் 12:40

திரும்பப் பெற வேண்டாம். சாய்த்து வைத்தாலும் கான்கிரீட் கான்கிரீட்தான். ராத்திரி எட்டு மணிக்குப் பலகையில் கை வைத்துப் பாருங்கள்.

பழையகோடு | 21 மே 2024, காலை 11:30

செங்கல்சூளை சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். நான்கு அங்குலக் கான்கிரீட்டில் ஒரு பக்கம் பட்ட வெப்பம் மறுபக்கம் வந்து சேர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். எட்டு அங்குலமென்றால் ஐந்து மணி நேரம். மாலை ஐந்து மணிக்கு மேற்கு வெயிலில் காய்ந்த பலகை இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தன்னிடம் உள்ளதைத் தரத் தொடங்கும். ஆனால் யாருக்குத் தரும் என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மில் உரிமையாளர் சங்கம் ஓர் அலுவலகம். இரவு ஒன்பது மணிக்கு அங்கே யாரும் இல்லை. பலகைகள் தங்கள் வெப்பத்தை வெற்று அறைகளுக்கும் வானத்துக்கும் கொடுத்துவிட்டுக் காலையில் ஆறிப்போய் நிற்கும். கிழக்கு முகத்தில் பலகைகள் நேராக இருப்பதற்கும் நேரம்தான் நியாயம் என்பேன். மே மாதக் காலை வெயிலும் அந்த முகத்துக்கு எதிரேதான் வருகிறது; ஆனால் அலுவலகம் நிரம்பும் பத்தரை மணிக்கு அகமதாபாத்தில் சூரியன் 60 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் வெயிலைத் தடுக்க மேலே நீளும் தளமே போதும், பலகையின் கோணம் முக்கியமில்லை. மாலையில் அப்படி இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சூரியன் கீழே வருகிறது. ஆகவே அங்கே மட்டும் சாய்வு. மாணவர்களிடம் பல வருடங்கள் இந்தச் சாய்வைச் சிற்ப அழகு என்று மட்டும் சொல்லிவந்தேன். இந்த இழையில் கணக்கைப் பார்த்த பிறகு அது அரைகுறை விளக்கம் என்று தோன்றுகிறது.

உங்களுடையது படுக்கையறை. பலகை வெப்பத்தைத் தரத் தொடங்கும் நேரத்தில்தான் நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். கோணத்தைச் சரிசெய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாடிப்படி | 21 மே 2024, பகல் 2:10

எங்கள் படிக்கட்டு ராத்திரியில் குளிர்ச்சியாக இருந்ததே! அதுவும் சிமெண்ட்தானே?

நிழல்கணக்கு | 21 மே 2024, பகல் 3:25

அம்மா, உங்கள் ஜாலி எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரியவில்லை. ஆனால் எந்தத் திசையானாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஜாலியின் ஒவ்வொரு சட்டமும் ஓரிரண்டு அங்குலம்தான் கனம் இருக்கும். நான்கு பக்கமும் காற்று படுவதால் சீக்கிரம் ஆறிவிடும். அத்துடன் அது வெளிக்காற்று ஓடும் இடம், நான்கு சுவருக்குள் அடைத்த அறை இல்லை. கான்கிரீட் என்பதைவிட எவ்வளவு கனம், எதோடு ஒட்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த மாதிரிச் சிமெண்ட் துவாரக் கட்டியைப் பிரேசிலில் "கோபோகோ" என்பார்கள். 1929இல் ரெசிஃபே நகரில் மூன்று பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததே அந்தச் சொல். ரெசிஃபேயும் பூமத்தியரேகைக்கு எட்டு டிகிரி அருகில் உள்ள கடற்கரை ஊர். புறாத் தொல்லை அங்கே உண்டா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மேற்குச்சன்னல் | 22 மே 2024, இரவு 9:20

செங்கல்சூளை சொன்னபடி கை வைத்துப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு வெளிச்சுவர் வெதுவெதுப்பு. பலகையின் நடுப்பகுதியும் அப்படியே. ஆனால் பலகை சுவரோடு சேரும் இடம், அதாவது சன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பீமோடு கம்பி கட்டி ஒன்றாக வார்த்த இடம், அறைக்கு உள்பக்கத்திலிருந்து தொட்டாலும் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு உள்சுவரைத் தடவினால்கூட எந்தெந்த இடத்தில் வெளியே பலகை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கறி வறுக்கும் கரண்டியின் காம்பு சுடுவதுபோலத்தான். செங்கல்சூளை அண்ணனுக்கு ஒரு மதிப்பெண்.

செங்கல்சூளை | 22 மே 2024, இரவு 9:31

ஒன்றுதானா?

பழையகோடு | 24 மே 2024, காலை 9:50

இந்தச் சுவர்தொடுகையைப் படித்தபோது எனக்கு அகமதாபாத் நினைவுக்கு வரவில்லை, பாண்டிச்சேரி நினைவுக்கு வந்தது. வெப்ப நாட்டு நவீனக் கட்டடம் என்றால் உடனே கொர்பூசியே என்கிறோம். அதற்குப் பத்தாண்டு முன்னாலேயே, உங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில், இதே பிரச்சினைக்கு நேர்மாறான விடை கட்டப்பட்டுவிட்டது.

அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டாவைச் சொல்கிறேன். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பல வருடம் வேலை செய்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். பிற்காலத்தில் மரவேலைக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா பாண்டிச்சேரியில் தங்கிக் கட்டட வேலையைக் கவனித்தார். ஹைதராபாத் நிஜாமின் திவான் நன்கொடை தந்ததால் அந்தப் பெயர். 1930களின் பின்பாதியில் தொடங்கி, போர்க்காலத்தில் மெல்ல வளர்ந்த கான்கிரீட் கட்டடம்.

முன் அனுமதி பெற்று ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். அந்தச் சுவரில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை, படுக்கைவசத்தில் அமைந்த கல்நார் சிமெண்ட் லூவர் பட்டைகள், கையால் திருப்பலாம். அறைகள் தெற்குப் பக்கம், நடை வடக்குப் பக்கம்; இரண்டுக்கும் நடுவே காற்று போகும்படி இடைவெளி விட்ட தேக்குச் சறுக்குக் கதவு. தரையில் கடப்பைக் கல். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. வெயில் அதில் பட்டு, இடையில் உள்ள காற்றோடு போய்விடும்.

முக்கியமானது திசை. கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்த முகங்களுக்கு வெயில் உயரத்திலிருந்து வருகிறது. உயரத்திலிருந்து வருவதை மெல்லிய பலகைகூட மறைத்துவிடும். அகமதாபாத்தில் மனையும் ஆறும் கட்டடத்தைக் கிழக்கு மேற்காகத் திறக்க வைத்தன. அதனால் அங்கே தடுப்பு ஓர் ஆள் உள்ளே நிற்கும் ஆழத்துக்குப் போனது. கோல்கொண்டாவின் லூவர் கனத்தில் விரல் அளவுதான். வெப்பத்தைச் சேமிக்க அதில் பொருளே இல்லை, சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். அங்கே இரவில் மனிதர்கள் தூங்குகிறார்கள் என்பதை வடிவமைத்தவர் மறக்கவில்லை.

நிழல்கணக்கு | 24 மே 2024, பகல் 1:15

ஒரு திருத்தம் மட்டும். வடக்கு முகத்துக்கு வெயிலே வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாண்டிச்சேரி பூமத்தியரேகைக்கு 12 டிகிரி வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அதனால்தான் வடக்கு முகத்திலும் லூவர் வேண்டியிருக்கிறது. அங்கே அறையை வைக்காமல் நடையை வைத்ததும் பொருத்தமே. டெல்லிப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டில் வடக்குச் சன்னலுக்குச் சன்ஷேடே வேண்டாம் என்று சொல்லும் பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாடிப்படி | 25 மே 2024, காலை 8:00

மூன்று பொருள் என்று முதலில் எழுதினீர்கள். வராந்தாவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மேற்கே பலகைக்குப் பதில் எட்டடி வராந்தா போட்டிருந்தால் இந்தக் கவலையே இல்லையே? எங்கள் தாத்தா வீட்டில் மேற்கே தாழ்வாரம்தான். வெயில் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

மேற்குச்சன்னல் | 25 மே 2024, இரவு 10:10

இதை நானே போட்டுப் பார்த்தேன், இப்போது கணக்கில் ருசி வந்துவிட்டது. எட்டடி ஆழம், எட்டடி உயரத்தில் தட்டையான தளம் என்று வைத்துக்கொள்கிறேன். மே மாதம் 4:30 மணிக்குத் தளத்தின் விளிம்பு நிழல், சுவரில் மேலிருந்து நாலேகால் அடிதான் இறங்குகிறது. கீழே உள்ள மூன்றே முக்கால் அடிக்கு வெயில். ஐந்தரைக்கு மேலிருந்து இரண்டடிதான் நிழல். ஆக, எட்டடி வராந்தாவும் மாலையில் தோற்கிறது.

அப்படியானால் தாத்தா வீட்டில் ஏன் வெயில் வரவில்லை? பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது தாழ்ந்த வாரம். ஓட்டுக் கூரை சரிந்து வந்து, வெளிவிளிம்பு ஆள் தலைக்கு இடிக்கும் உயரத்தில், ஐந்தடியில் முடியும். குனிந்துதான் உள்ளே போவோம். நம் வீட்டு வராந்தாக்கள் அந்த ஆழத்தை வைத்துக்கொண்டு தாழ்வை விட்டுவிட்டன. தளத்தைப் பத்தடி உயரத்தில் தட்டையாக நீட்டினால் கம்பீரமாக இருக்கிறது, வெயில் அடியில் புகுந்து வருகிறது.

பழையகோடு | 26 மே 2024, காலை 10:05

ஏற்கிறேன், ஒரு வேறுபாட்டோடு. வராந்தாவில் சுவர் நனையாது. மழை பெய்யும்போது சன்னலைத் திறந்து வைக்கலாம். ஈரமான கடற்கரை ஊரில் அது வெயில் மறைப்புக்குச் சமமான வேலை. காற்று நின்றுவிட்டால் அங்கே உயிர் போய்விடும். அகமதாபாத் மே மாதத்தில் பகல் 41, 42 டிகிரி வறண்ட காற்று. அதை ஆற்றுக் காற்று என்று உள்ளே விடுவது எனக்கு என்றுமே சரியாகப் படவில்லை. அந்த நகரத்தில் "போல்" எனப்படும் பழைய குடியிருப்புகளின் வீடுகள் பகலில் கதவை அடைத்துக்கொண்டு, நடுமுற்றத்தை நம்பித்தான் இருந்தன. கொர்பூசியேவின் கட்டடம் வெயிலைப் புரிந்துகொண்டது; காற்றைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்கள் மறுக்கலாம்.

நிழல்கணக்கு | 26 மே 2024, பகல் 12:20

மறுக்கிறேன். மழைக்காலத்திலும் ஜூலை, ஆகஸ்ட் ஈரத்திலும் அந்தத் திறப்பு வேண்டும். வருடத்தில் இரண்டு மாதத்தை மட்டும் வைத்து ஒரு கட்டடத்தைத் தீர்ப்பிட முடியாது.

பழையகோடு | 26 மே 2024, பகல் 12:55

அந்த இரண்டு மாதத்தில்தான் மனிதர்கள் மயங்கி விழுகிறார்கள்.

மேற்குச்சன்னல் | 1 ஜூன் 2024, மாலை 6:30

இரண்டு பேரும் அங்கேயே நிற்கட்டும். என் சன்னலுக்கு வருகிறேன்.

முதலில் நினைத்தது பலகைகளை அறுத்துவிட்டுச் சாய்த்துக் கட்டுவது. நிழல்கணக்கு தனிச்செய்தியில் உதவினார். 45 செ.மீ. பலகையை 45 டிகிரி சாய்த்து, வாய் தெற்குப் பக்கம் பார்க்கும்படி வைத்தால், சுவர் நேர் மேற்காக இருந்தால் 40 செ.மீ. இடைவெளிக்கு மே வெயில் முழுவதும் நிற்கும். என் திரும்பிய சுவருக்கு அது 33 செ.மீ. இடைவெளி. ஆறடிச் சன்னலுக்கு ஐந்தாறு பலகைகள் வரும், வெளிச்சம் பாதியாகும், தெரு தெரியாது. இரவு வெப்பமும் கூடும், ஏனென்றால் கான்கிரீட் இரட்டிப்பாகிறது.

ஆகவே அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்து பார்த்தேன். பழைய பலகைகளை அப்படியே விட்டு, அவற்றின் வெளிவிளிம்பில் படுக்கைவசமாகச் சரிவான மெல்லிய பட்டைகளைக் கட்டினேன். சூரியன் நேராக இறங்குவதால் படுக்கைப் பட்டைதான் அதற்கு எதிரி. சரிவாக வைத்தால் ஐந்தரை மணி வெயிலும் நிற்கிறது, இடுக்கு வழியே தெருவின் கீழ்ப்பாதி தெரிகிறது. அட்டை என்பதால் ஒரே மழையில் தொங்கிவிட்டது.

செங்கல்சூளை | 2 ஜூன் 2024, காலை 6:20

அதற்கு எதற்கு அட்டை? மூங்கில் தட்டி வாங்கிப் பலகையின் வெளிவிளிம்பில் தொங்கவிடுங்கள். உள்ளே திரை மாதிரி மாட்டாதீர்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். வெளியே மாட்டினால் பலகையும் காயாது. மூன்று மணிக்கு இறக்கி ஆறு மணிக்குச் சுருட்டுங்கள். பழசானால் அடுத்த வருடம் வேறு.

மேற்குச்சன்னல் | 9 ஜூன் 2024, இரவு 9:45

தட்டி மாட்டி ஆறு நாள் ஆகிறது. பலகை சேரும் இடத்தில் உள்சுவரைத் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு பலகை இருக்கும் இடத்தை இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஆடிக்காற்று வந்தால் அந்தத் தட்டி பலகையில் மோதி இரவெல்லாம் சத்தம் போடும் என்று மனைவி இப்போதே சொல்கிறாள். கீழ்ப்பக்கம் கொக்கி அடிக்க வேண்டும். கான்கிரீட்டில் துளை போடும்போது கம்பியில் படாமல் எவ்வளவு ஆழம் போகலாம் என்று செங்கல்சூளை அண்ணன் சொல்ல வேண்டும்.

செங்கல்சூளை | 10 ஜூன் 2024, காலை 6:05

விளிம்பில் துளை போடாதீர்கள், உடைந்துவிடும். பலகையைச் சுற்றி இரும்புப் பட்டி மாட்டி நட் போட்டு இறுக்குங்கள், அதில் கொக்கி வையுங்கள். மாடிப்படி அம்மாவுக்கு: புறா வலைக்கும் இதே பட்டிதான்.

மாடிப்படி | 10 ஜூன் 2024, காலை 9:15

மூன்று வாரம் கழித்தாவது பதில் சொன்னீர்களே. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து எட்டு வருடம் ஆகிறது. இது தங்கை வீட்டுக்குக் கேட்டது.